நாள்வழிக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே 1,17,400 ரூபாய்

கடைக்காரர் ராத்திரி ஷட்டரை இறக்கும் முன் நாள்வழியில் அன்றைய விற்பனையை எழுதுகிறார். மாத முடிவில் அதைக் கூட்டுகிறார். அடுத்த மாதம் ஆடிட்டர் போட்ட ஜி.எஸ்.டி. ரிட்டர்னை எடுத்துப் பார்த்தால் அதில் வேறு தொகை இருக்கிறது. பெரும்பாலான கடைகளில் இதுதான் நிலைமை. பலர் இதைக் கவனிப்பதே இல்லை. கவனிப்பவர்களும் "ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிடுகிறார்கள், அல்லது "என்னமோ பண்ணிட்டார்" என்று மனதுக்குள் சந்தேகப்படுகிறார்கள். இரண்டுமே உதவாது. அவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் கடைக்காரர் வீட்டுப்பாடம் ஒன்றும் செய்ய வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். நாள்வழியும் ரிட்டர்னும் ஒரே தொகையைக் காட்ட வேண்டிய அவசியமில்லை. நாள்வழி கடைக்குள் வந்த பணத்தைச் சொல்கிறது. ரிட்டர்ன், அந்த மாதம் பில் போட்ட சரக்கின் வரி நீக்கிய மதிப்பைச் சொல்கிறது. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். ஆகவே வித்தியாசம் இருப்பது தவறாகாது. எந்தெந்தக் காரணத்தால் எவ்வளவு என்று ரூபாய் கணக்கில் சொல்ல முடியாத வித்தியாசம்தான் தவறு.

புரிவதற்காக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். தாலுகா தலைநகரம் ஒன்றில் இருக்கும் மளிகைக் கடை. மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறார்கள். 2025 அக்டோபர், தீபாவளி மாதம். கூட்டிப் பார்க்க எளிதாக இருக்கட்டும் என்று தொகைகளை முழு எண்களாகவே வைக்கிறேன். நாள்வழியில் அந்த மாத விற்பனைப் பத்தியின் கூட்டல் 9,86,400 ரூபாய். ரிட்டர்னில் வரிக்குரிய விற்பனை 4,90,000, வரியில்லாத விற்பனை 3,79,000, ஆக மொத்தம் 8,69,000. வித்தியாசம் 1,17,400. கடைக்காரருக்குத் தூக்கம் போகத்தான் செய்யும்.

ரிட்டர்ன் தொகையை அவர் ஆடிட்டரிடம் கேட்டு வாங்க வேண்டியதில்லை. gst.gov.in தளத்தில் தன் பெயரில் உள்நுழைந்து, Returns Dashboard என்ற இடத்தில் வருடத்தையும் மாதத்தையும் தேர்ந்தெடுத்தால், போட்டு முடித்த GSTR-1, GSTR-3B இரண்டையும் இறக்கிக்கொள்ளலாம். GSTR-3B-யில் 3.1 என்ற அட்டவணையின் (a) வரிசையில் வரிக்குரிய விற்பனையும், (c) வரிசையில் வரிவிலக்குள்ள விற்பனையும் இருக்கும். பல கடைகளில் பதிவு செய்த காலத்தில் ஆடிட்டரின் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையுமே கொடுத்திருப்பார்கள். அப்படியானால் ஓ.டி.பி.யும் அங்கேதான் போகும், நோட்டீஸ் வந்த தகவலும் அங்கேதான் போகும். ரிட்டர்னுக்குச் சட்டப்படி பொறுப்பு பதிவுச் சான்றிதழில் பெயர் உள்ளவருக்கே. ஆகவே எண்ணை மாற்றிக்கொள்வது முதல் வேலை. இதில் சங்கோஜம் தேவையில்லை. நல்ல ஆடிட்டர் தானே மாற்றச் சொல்வார்.

இப்போது வீட்டுப்பாடம். நாள்வழியை முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு வரியாகப் புரட்ட வேண்டும். விற்பனைப் பத்தியில் விற்பனை மட்டும்தான் இருக்கிறதா என்பதே கேள்வி. நம் கடையில் அக்டோபர் 7-ஆம் தேதி "ஹோட்டல் பழைய பாக்கி 12,000" என்று ஒரு வரி. பணம் அன்றைக்கு வந்தது, ஆனால் சரக்கு போனதும் பில் போட்டதும் ஆகஸ்டில். இப்படிப் பழைய கடன் வசூல் மொத்தம் 38,000 ரூபாய் விற்பனைப் பத்தியில் ஏறியிருக்கிறது. இதற்கு வரி ஆகஸ்டிலேயே கட்டியாகிவிட்டது, கழித்துவிட வேண்டும்.

அடுத்து, சமையல் காண்ட்ராக்டர் ஒருவர் நவம்பர் கல்யாணத்துக்குச் சாமான் லிஸ்ட் கொடுத்து 25,000 அட்வான்ஸ் கட்டியிருக்கிறார். சரக்கு விற்பனையில், அட்வான்ஸ் வாங்கும்போது ஜி.எஸ்.டி. கட்ட வேண்டியதில்லை, 2017 நவம்பரிலிருந்தே இந்த விதி இருக்கிறது. பில் போடும்போதுதான் வரி. (சேவைத் தொழிலில் அப்படியில்லை, அட்வான்ஸுக்கே வரி உண்டு.) ஆக இந்த 25,000 நவம்பரைச் சேர்ந்தது. இதையும் கழிக்கலாம்.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. அக்டோபரில் பில் போட்டுச் சரக்கு கொடுத்து, பணம் வராததால் நாள்வழியில் ஏறாமல் கடன் நோட்டில் மட்டும் எழுதிய விற்பனை 61,600. வரி பில்லுக்குத்தான், பணம் வந்ததற்கு அல்ல. ஆகவே இது ரிட்டர்னில் இருக்கும், நாள்வழியில் இருக்காது. கூட்டிக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கழித்தது 63,000, கூட்டியது 61,600. நிகரம் வெறும் 1,400. மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த மூன்றும் கண்ணிலேயே படாது. "வித்தியாசம் கொஞ்சம்தானே" என்று சமாதானம் அடைவது ஆபத்து என்று நான் நினைப்பது இதனால்தான். எதிரெதிர்ப் பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு, வித்தியாசமே இல்லாத மாதம் ஒன்றைக்கூடக் காட்டிவிடும்.

நான்காவது, திரும்பி வந்த சரக்கு. வேறொரு ஹோட்டல் கசிந்த எண்ணெய் டின்களைத் திருப்பி அனுப்பி 9,000 ரூபாய் வாங்கிக்கொண்டது. கடைக்காரர் அதைப் பற்றுப் பக்கத்தில் எழுதியிருக்கிறார், விற்பனையில் குறைக்கவில்லை. ஆடிட்டர் கிரெடிட் நோட் போட்டு விற்பனையில் குறைத்திருக்கிறார். அவர் செய்ததே சரி.

இவ்வளவும் சரிசெய்தால் 9,76,000 ரூபாய் கிடைக்கிறது. இது வரியும் சேர்ந்த தொகை. கல்லாவில் விழும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் அரசின் பங்கு கலந்திருக்கிறது என்பதை மறந்துதான் பலர் பயந்துபோகிறார்கள். பில்லிங் கம்ப்யூட்டரில் வரி விகிதவாரியாக அறிக்கை எடுத்தால் பிரிவு தெரிந்துவிடும். மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுத்த அரிசி, பருப்பு, உப்பு போன்ற வரியில்லாதவை 3,79,000. ஐந்து சதவீதச் சரக்கு வரியோடு 4,20,000, வரியை எடுத்தால் 4,00,000. பதினெட்டு சதவீதச் சரக்கு வரியோடு 1,77,000, எடுத்தால் 1,50,000. வரி நீக்கும்போது 1,05,000-ஐ 105-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். நேரடியாக ஐந்து சதவீதம் கழித்தால் தப்பான தொகை வரும். இந்தத் தவறு சர்வ சாதாரணம்.

மளிகைக் கடைகளுக்கே உரிய சிக்கல் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரே துவரம்பருப்பு, மூட்டையிலிருந்து நிறுத்துக் கொடுத்தால் வரியில்லை. லேபிள் ஒட்டிய பாக்கெட்டாக விற்றால், 25 கிலோ வரை, ஐந்து சதவீதம். 2022 ஜூலை 18-லிருந்து இப்படி. சந்தையில் 26 கிலோ அரிசி மூட்டை முளைத்த கதையும் இதுதான். கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் ஒரே ஐட்டம் பெயர் வைத்திருந்தால் மொத்தம் சரியாக இருந்தும் வரி தப்பாகும்.

நம் கணக்குக்கு வருவோம். வரிக்குரியது 5,50,000, வரியில்லாதது 3,79,000, வரி 47,000. ரிட்டர்னில் வரியில்லாத தொகை அப்படியே பொருந்துகிறது. பதினெட்டு சதவீதமும் பொருந்துகிறது. ஐந்து சதவீதத்தில்தான், 4,00,000 இருக்க வேண்டிய இடத்தில் 3,40,000 இருக்கிறது. 1,17,400 ரூபாய் புதிர் இப்போது 60,000-ஆகச் சுருங்கிவிட்டது. அதற்கான வரி 3,000 ரூபாய். இனி இதற்குத்தான் ஆடிட்டர் பதில் சொல்ல வேண்டும்.

கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய ஆடிட்டர் அவர்களுக்கு, வணக்கம். 2025 அக்டோபர் மாதத்துக்கான எங்கள் நாள்வழியையும் தாங்கள் தாக்கல் செய்த GSTR-3B-யையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நாள்வழி விற்பனை 9,86,400, ரிட்டர்னில் 8,69,000. இதில் பழைய பாக்கி வசூல் 38,000, அட்வான்ஸ் 25,000, சரக்கு திரும்பியது 9,000, வரி 47,000 ஆகியவற்றைக் கழித்து, கடன் விற்பனை 61,600-ஐக் கூட்டினால் ரிட்டர்னில் வர வேண்டியது 9,29,000 என்று எனக்குத் தெரிகிறது. 60,000 ரூபாய் குறைகிறது. குறைவது முழுக்க ஐந்து சதவீதச் சரக்கில் இருக்கிறது. தேதிவாரியான விவரமும் நாள்வழிப் பக்கங்களின் நகலும் இணைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கம் தவறு இருக்கலாம். ஆகவே மூன்று விவரம் வேண்டுகிறேன். அக்டோபருக்கு எந்த பில் எண்ணிலிருந்து எந்த பில் எண் வரை தங்களிடம் வந்தது? ஐந்து சதவீத விற்பனையைத் தாங்கள் எந்த அறிக்கையிலிருந்து எடுத்தீர்கள்? இந்த 60,000 விடுபட்டிருந்தால் நவம்பர் ரிட்டர்னில் சேர்க்க முடியுமா, வட்டி எவ்வளவு? நவம்பர் GSTR-1 போடும் முன், அதாவது டிசம்பர் 9-க்குள் எழுத்தில் பதில் தந்தால் உதவியாக இருக்கும். தங்கள் உண்மையுள்ள..."

இதில் குற்றச்சாட்டே இல்லை என்பதைப் பாருங்கள். "கணக்கு ஏன் இடிக்கிறது?" என்று பொதுவாகக் கேட்டால் "அட்ஜஸ்ட்மெண்ட் சார்" என்று பொதுவாகவே பதில் வரும். பில் எண்ணைக் கேட்டால் பில் எண்ணைத்தான் சொல்லியாக வேண்டும். நாற்பது ஐம்பது கடைகளுக்குக் கணக்கு பார்க்கும் ஒருவருக்கு, ஒரு மாதம், ஒரு விகிதம், ஒரு தொகை என்று கேள்வி குறுகி வந்தால் தேடிப் பார்க்கவும் மனம் வரும்.

பில் எண் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. GSTR-1-இல் 13-ஆம் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. அந்த மாதம் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், எத்தனை ரத்து ஆயின என்பதை வரிசை வரிசையாக அதில் காட்ட வேண்டும். நம் கடையின் அக்டோபர் அட்டவணையில் 2316 முதல் 4102 வரை ஒரே ஒரு வரிசைதான் இருந்தது. ஆனால் தீபாவளிக்காகக் கடை வாசலில் தனி மேசை போட்டு, இனிப்பும் முந்திரி திராட்சைப் பெட்டிகளும் விற்றார்கள். அதற்குத் தனி லேப்டாப்பில் D-1 முதல் D-140 வரை பில் போட்டார்கள். விற்பனை வரியோடு 63,000. வரி நீக்கினால் சரியாக 60,000. ராத்திரி அந்தப் பணம் கல்லாவுக்கு வந்ததால் நாள்வழியில் ஏறிவிட்டது. மாத முடிவில் ஆடிட்டருக்கு மெயிலில் போன ஃபைல் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் எடுத்தது. தன்னிடம் வராத பில்லை ஆடிட்டர் எப்படிக் காட்டுவார்? ரிட்டர்ன் தொகை குறைந்தால் முதலில் 13-ஆம் அட்டவணையைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதற்காகவே. பாதிப் பிரச்சினை அங்கேயே தெரிந்துவிடும்.

அரசின் தளம் இதைத் தானாகக் கண்டுபிடித்திருக்காதா என்று தோன்றலாம். கண்டுபிடித்திருக்காது. தளம் GSTR-1-ஐயும் GSTR-3B-யையும் ஒப்பிடும். முதலாவதில் உள்ள வரியைவிட இரண்டாவதில் அளவு மீறிக் குறைந்தால் DRC-01B என்ற படிவத்தில் கேள்வி வரும், ஏழு நாளில் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அடுத்த GSTR-1 போட முடியாது. ஆனால் D வரிசை இரண்டிலுமே இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று அழகாகப் பொருந்துகின்றன. நாள்வழி மட்டுமே வேறு கதை சொல்கிறது, நாள்வழி கடைக்காரரின் மேசையில் மட்டுமே இருக்கிறது.

ஆனால் வெளியார் யாருக்கும் தெரியவே தெரியாது என்றும் இருந்துவிட முடியாது. ரிட்டர்னில் காட்டும் விற்பனை வருமான வரித் துறையின் ஆண்டுத் தகவல் அறிக்கையிலும் ஏறுகிறது. அங்கே வருமான வரிக் கணக்கில் வேறு தொகை இருந்தால் கேள்வி வரும். 2025 ஜூலையில் கர்நாடகாவில் வணிக வரித் துறை யூ.பி.ஐ. வரவை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது நினைவிருக்கும். வந்த பணமெல்லாம் விற்பனை அல்ல, கடனும் சொந்தக்காரர் அனுப்பியதும் கலந்திருக்கிறது என்று வியாபாரிகள் கொதித்தார்கள். அது நியாயமான வாதம். அந்த வாதத்தை நிரூபிக்கத் தேவையானது, மேலே பார்த்ததைப் போன்ற ஒரு ஒப்பீட்டுத் தாள்தான்.

பதில் கடிதம் எப்படி இருக்கிறது என்பதிலிருந்து நிறையத் தெரியும். "4102-க்கு மேல் எனக்கு வரவில்லை, D வரிசை இருப்பதே தெரியாது, ஃபைல் அனுப்புங்கள்" என்று வந்தால் ஆடிட்டர் சரியானவர், தவறு கடையில். "போன மாசத் தொகையை வெச்சு உத்தேசமாப் போட்டேன், வருஷக் கடைசியில் சரி பண்ணிக்கலாம்" என்று வந்தால் கவலைப்பட வேண்டும். சில்லறை விற்பனைத் தொகை மாதாமாதம் ஆயிரத்தில் முழுதாக முடிவதும், வரியில்லாததற்கும் வரியுள்ளதற்கும் உள்ள விகிதம் தீபாவளிக்கும் ஆடிக்கும் மாறாமல் இருப்பதும் உத்தேசக் கணக்கின் அடையாளங்கள். வரியே இல்லாத சரக்கைக் காட்டாமல் விடுவதும் நடக்கிறது, "வரி இல்லையே, எதுக்குக் காட்டணும்?" என்று. அதையும் காட்டத்தான் வேண்டும். வாடகை போன்ற பொதுச் செலவில் எடுத்த உள்ளீட்டு வரியில், வரியில்லாத விற்பனையின் பங்கைத் திருப்பிக் கொடுக்கும் கணக்கு அந்தத் தொகையை வைத்துத்தான் போடப்படுகிறது.

மூன்றாவது வகைப் பதிலும் உண்டு. "கொஞ்சம் குறைச்சுக் காட்டியிருக்கேன், உங்களுக்கு நல்லதுக்குத்தான்." இதைக் கேட்டு மகிழ்ந்துபோகும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளரிடம் பில் போட்டு வாங்கிய வரி கடைக்காரருடைய பணமே இல்லை. அதைக் கட்டாமல் வைத்திருப்பது வெறும் கணக்குப் பிழையாக எடுத்துக்கொள்ளப்படாது. அப்படியொரு பதில் வந்தால், "என் சம்மதமில்லை, திருத்துங்கள்" என்று அன்றைக்கே எழுத்தில் அனுப்பிவிட வேண்டும்.

திருத்துவது எப்படி? GSTR-3B போட்ட பிறகு அந்த மாதத்தைத் திறக்க முடியாது. விடுபட்ட விற்பனையை அடுத்த மாத ரிட்டர்னில் சேர்த்து வரியையும் வட்டியையும் கட்ட வேண்டும். வட்டி வருடத்துக்கு 18 சதவீதம். அக்டோபர் வரிக்குக் கடைசி நாள் நவம்பர் 20. டிசம்பர் 20 அன்று கட்டினால் 30 நாள். 3,000 ரூபாய்க்கு வட்டி சுமார் 44 ரூபாய். இதையே அதிகாரி கண்டுபிடித்து உத்தரவு போடும் நிலைக்கு விட்டால், மோசடி நோக்கம் இல்லாவிட்டாலும்கூட, 2024-25 முதலான ஆண்டுகளுக்கு அபராதம் வரியில் பத்து சதவீதம் அல்லது பத்தாயிரம் ரூபாய், இதில் எது அதிகமோ அது. 2025-26 நிதியாண்டின் விடுதல்களைச் சேர்க்கக் கடைசி வாய்ப்பு 2026 நவம்பர் 30, அதற்கு முன் ஆண்டு ரிட்டர்ன் போட்டுவிட்டால் அந்த நாளோடு சரி.

இதைவிட எளிய வழியும் இருக்கிறது. GSTR-1 போட 11-ஆம் தேதி வரை, GSTR-3B போட 20-ஆம் தேதி வரை அவகாசம். நடுவே ஒன்பது நாள். இந்த இடைவெளியில் GSTR-1-இல் விட்டதை GSTR-1A என்ற படிவத்தில் சேர்த்துவிடலாம். 2024-இல் வந்த வசதி இது. சேர்த்தால் அதே மாதக் கணக்கிலேயே சரியாகிவிடும், வட்டியே கிடையாது. ஆகவே நாள்வழியை ஒப்பிட உகந்த நாள் 12 அல்லது 13. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் கடைகளுக்குத் தேதிகள் வேறு, தமிழ்நாட்டில் 13-ம் 22-ம்.

நாள்வழியிலும் ஒரு சின்ன மாற்றம் செய்தால் மாதாமாதம் இந்தப் பாடு குறையும். விற்பனைப் பத்திக்குப் பக்கத்திலேயே "பழைய பாக்கி", "அட்வான்ஸ்" என்று இரண்டு பத்திகள் கூடுதலாகக் கோடு போட்டுக்கொள்ளலாம். அன்றைய முதல் பில் எண்ணையும் கடைசி பில் எண்ணையும் பக்கத்தின் தலையில் எழுதலாம், எத்தனை வரிசை இருக்கிறதோ அத்தனைக்கும். இருநூறு ரூபாய்க்குக் குறைவான சில்லறைக்குத் தனித்தனி பில் வேண்டாம் என்று வாடிக்கையாளர் விட்டுவிட்டால், ராத்திரி அதற்கெல்லாம் சேர்த்து ஒரே பில் போட வேண்டும் என்பது விதி. அந்த ஒரு பில்லைப் போட மறப்பதும் நாள்வழிக்கும் ரிட்டர்னுக்கும் நடுவே இடைவெளி விழ ஒரு காரணம்.

கடிதத்தின் நகல், ஆடிட்டரின் பதில், ஒப்பீட்டுத் தாள், வட்டி கட்டிய சலான் நான்கையும் அந்த மாத ஃபைலிலேயே வைக்க வேண்டும். கணக்குப் புத்தகங்களை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பாதுகாக்கச் சட்டம் சொல்கிறது. 2025-26-க்கு அந்தத் தேதி 2026 டிசம்பர் 31. ஆக இந்த அக்டோபர் ஃபைல் 2032 டிசம்பர் கடைசி வரை அலமாரியில் இருக்க வேண்டும், D வரிசை பில்களோடு சேர்த்து.